ரீலைவிட அந்த ஒரு வரிக் கமெண்ட்தான் ஆர்டரை நிறுத்தியது

எங்கள் பின்னலாடை யூனிட்டின் டெய்லர்கள், கட்டிங், செக்கிங், அயனிங், பேக்கிங் பிரிவினர், லைன் சூப்பர்வைசர்கள், மெர்ச்சண்டைசர்கள், விடுதியில் தங்கியிருப்போர், கேன்டீன், செக்யூரிட்டி, டிரைவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். ஆயுத பூஜை ரீல் விவகாரத்தில் லைனுக்கு ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒரு டெய்லர் ரீல் போட்டாங்க, அதனால ஆர்டர் போச்சு" என்பதுதான் பொதுவாகப் பேசப்படுவது. அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கம்ப்ளையன்ஸ், மெர்ச்சண்டைசிங், எச்.ஆர். மூன்று பிரிவும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நோட்டீஸ் போர்டோடு நிறுத்தாமல் வெளியிலும் படிக்கும்படி விடுவதற்குக் காரணம், திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே பூஜைதான், இதே போன்தான், இதே மாதிரி பையர்தான். சம்பந்தப்பட்டவர்கள் பெயரையோ, பையரின் பெயரையோ, எங்கள் கம்பெனியின் பெயரையோ இதில் எழுதவில்லை. தெரிந்தவர்களும் கமெண்டில் எழுத வேண்டாம்.

நடந்தது இது. பூஜை அன்று மதியம் குடும்பத்தோடு எல்லோரும் வந்தீர்கள். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து முடிந்த பிறகு, ஓவர்லாக் டெய்லர் ஒருவரின் ஒன்பது வயது மகள் அம்மாவின் மெஷினில் உட்கார்ந்தாள். பெடலை மிதித்தாள், மெஷின் ஓடியது, அம்மா போனில் எடுத்தார். 22 விநாடி. அன்றைக்குப் போட்டிருந்தாலும் பூஜை என்று புரிந்திருக்கும். அவர் போட்டது இரண்டு நாள் கழித்து, ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து, கம்பெனி இருக்கும் இடத்தை லொகேஷனாக வைத்து. கணக்கு பப்ளிக்கில் இருந்தது. யாரோ ஒருவர் அதை இறக்கி, மேலே இருந்த மாலையையும் வாழைக்கன்றையும் வெட்டிவிட்டு, "இந்தியாவில் உங்கள் டி-ஷர்ட்டைத் தைப்பது யார் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதி, பிராண்டின் பெயரை டேக் செய்து மறுபடி போட்டார். பிராண்டின் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பலர் கேட்டீர்கள். மெஷினுக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்த பண்டிலின் மேல் பீஸில் நெக் லேபிள் மேல்நோக்கி இருந்தது. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினால் எழுத்துக்கு எழுத்து படிக்க முடிகிறது.

அம்மாவின் கண்ணுக்கு அதில் தெரிந்தது தன் மகள். வெளிநாட்டில் இருக்கும் பிராண்டின் கம்ப்ளையன்ஸ் ஆளுக்குத் தெரிந்தவை நான்கு: மெஷின் லைட் எரிகிறது, நூல் ஓடுகிறது, எங்கள் லேபிள் இருக்கிறது, உட்கார்ந்திருப்பது குழந்தை. ஆயுத பூஜை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை அவர் அனுமானிக்க முடியாது, ஆதாரம்தான் கேட்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் துறை, குழந்தைத் தொழிலோ கட்டாய உழைப்போ கலந்ததாகக் கருதும் சரக்குகளின் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. அதில் இந்திய ஆயத்த ஆடைகளும் உண்டு. கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை வேலைக்கு வைத்த சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இந்த வட்டார மில்களில் நடந்தவை பற்றி வெளிநாடுகளில் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் நம் ஊர்ப் பெயரும் ஒரு சிறுமியும் ஒரே படத்தில் வந்தால் சந்தேகத்தின் பக்கம்தான் தராசு முதலில் சாயும். இதில் கோபப்பட்டுப் பயனில்லை.

நம் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 103-ஆம் பிரிவு சொன்னது: வேலை நடக்கும்போதோ இயந்திரம் ஓடும்போதோ தொழிற்சாலைக்குள் ஒருவர் இருந்தால், சாப்பாட்டு நேரம், ஓய்வு நேரம் நீங்கலாக, அவர் அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்டவர் என்றே கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மறுப்பவர் பொறுப்பு. "சும்மா உட்கார்ந்தா, விளையாட்டுக்கு மிதிச்சா" என்பது நமக்குப் பதில். மெஷின் ஓடிய அந்தச் சில விநாடிக்கு, அந்தச் சட்டத்தின் முன் அது நாம் நிரூபிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. வீடியோவைப் பார்த்த யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி, மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். அவர்கள் வந்தது முறைதான். ஒரு குழந்தை மெஷினில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அந்த எண்ணுக்குத்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை நடந்ததைச் சமாளித்திருக்கலாம். பிராண்டிடமிருந்து வந்த முதல் மெயிலில் தொனி நிதானமாகவே இருந்தது. வீடியோ எங்கே எடுத்தது, எந்தத் தேதி, அந்தக் குழந்தை யார், 48 மணி நேரத்தில் ஆவணத்தோடு சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆனால் அந்த மெயில் நமக்கு வருவதற்கு முந்தைய இரவே, அந்த ஆங்கிலப் பதிவின் கீழே நம் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். கம்பெனி மேல் உள்ள பாசத்தில்தான். அதில் மூன்று கமெண்ட் எங்கள் கோப்பில் இருக்கின்றன. ஒன்று வசவு. அதை விட்டுவிடலாம். இரண்டாவது, "இந்த லேடி எங்க கம்பெனியில வேலை செய்யறவங்களே இல்ல." மூன்றாவது, ஒரு சூப்பர்வைசர் எழுதியது: "இது எங்க மெயின் யூனிட் இல்ல, வெளிய ஜாப் ஒர்க் கொடுக்கற இடம்."

ஆர்டரை நிறுத்தியது அந்த மூன்றாவது வரிதான்.

ஏன் என்பது லைனில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ஆர்டர் எடுக்கும்போதே எந்த யூனிட்டில் கட்டிங், எந்த யூனிட்டில் தையல், பிரிண்டிங் யாரிடம், எம்ப்ராய்டரி யாரிடம் என்று முகவரியோடு பையருக்கு எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலில் உள்ள இடங்களை அவர்கள் ஆடிட் செய்திருப்பார்கள், இல்லையென்றால் ஆடிட் செய்யும் உரிமையை வைத்திருப்பார்கள். பட்டியலில் இல்லாத ஓர் இடத்தில் ஒரு பீஸ் தைத்தாலும் அது அனுமதி இல்லாத சப் கான்ட்ராக்ட். பெரும்பாலான பிராண்டுகளின் வெண்டர் மேனுவலில் குழந்தைத் தொழிலும் இதுவும் ஒரே அடுக்கில், மன்னிப்பு இல்லாத குற்றங்களாக இருக்கின்றன.

இதற்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 2012 நவம்பரில் டாக்காவுக்குப் பக்கத்தில் தஸ்ரீன் ஆடை ஆலை எரிந்து நூற்றுப்பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஆலையில் தன் சரக்கு தைக்கப்பட்டது தன் அனுமதி இல்லாமல் கைமாற்றிவிடப்பட்ட ஆர்டர் என்று வால்மார்ட் சொன்னது. அடுத்த ஆண்டே, அனுமதி இல்லாத சப் கான்ட்ராக்டுக்கு இனி ஒரு வாய்ப்புக்கூட இல்லை என்று அறிவித்தது. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபோது, இடிபாட்டில் கிடந்த லேபிள்களை வைத்துத்தான் எந்தெந்த பிராண்ட் அங்கே தைத்தது என்று உலகம் தெரிந்துகொண்டது. அன்றிலிருந்து "தெரியாத இடத்தில் எங்கள் லேபிள்" என்பது பிராண்டுகளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

அந்தச் சூப்பர்வைசர் நினைத்தது, மெயின் யூனிட்டின் பெயரைக் காப்பாற்றிவிடலாம் என்று. பிராண்ட் படித்தது வேறு. சப்ளையரின் ஊழியரே, தன் புரொபைலில் கம்பெனிப் பெயரைப் போட்டுக்கொண்டு, எங்கள் சரக்கு தெரியாத ஓர் இடத்தில் தைக்கப்படுகிறது, அங்கே குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஒரு சந்தேகம் இரண்டாகிவிட்டது, இரண்டாவதற்கு ஊழியர் வாயாலேயே சாட்சி. அவர் சொன்னது உண்மையே அல்ல. அது நம் மெயின் தளம்தான், பின்னால் தெரிவது நான்காம் லைனின் தூண். ஆனால் அதை இப்போது நாம் நிரூபிக்க வேண்டும். மறுநாள் மாலை இரண்டாவது மெயில் வந்தது. அதில் நிதானம் இல்லை. ஓடிக்கொண்டிருந்த எல்லா பி.ஓ.வுக்கும் ஷிப்மென்ட் ஹோல்டு, முன்னறிவிப்பு இல்லாத ஆடிட், விசாரணை முடியும்வரை பைனல் இன்ஸ்பெக்ஷன் இல்லை.

இன்ஸ்பெக்ஷன் இல்லை என்றால் என்ன ஆகும் என்பது பேக்கிங் பிரிவுக்குத் தெரியும். அப்போது கார்ட்டனில் மூடிக் கிடந்தது 18,000 பீஸ் லாட். க்யூ.சி. வந்தால் அதில் 315 பீஸ் எடுத்துப் பார்ப்பார், 14 பெரிய குறை வரை பாஸ். நம் உள் செக்கிங்கில் அந்த லாட்டில் சொல்லும்படியான குறையே இல்லை. ஆனால் ஆள் வராமல் சர்டிபிகேட் இல்லை, சர்டிபிகேட் இல்லாமல் பார்வர்டர் சரக்கை வாங்க மாட்டார், தூத்துக்குடியில் புக் செய்த கப்பல் நமக்காகக் காத்திருக்காது. நமக்குப் பணம் தருவதாகப் பையரின் பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதமான எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி என்று ஒன்று இருக்கும். அது தாண்டினால் பேங்க் ஆவணத்தை அப்படியே ஏற்காது, பையர் சம்மதித்துத் திருத்தம் கொடுக்க வேண்டும். சம்மதத்துக்கு விலை உண்டு: விலைக்குறைப்பு, இல்லையென்றால் விமானத்தில் அனுப்பு.

விமானக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு டி-ஷர்ட் 160 கிராம் என்றால் 18,000 பீஸ் 2,880 கிலோ. கிலோவுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,20,000 ரூபாய், அதாவது பீஸுக்கு 40 ரூபாய். பேசிக் டி-ஷர்ட்டில் பீஸுக்கு 40 ரூபாய் லாபம் நிற்பதில்லை என்பது மெர்ச்சண்டைசர்களுக்குத் தெரியும். இதெல்லாம் தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது. அந்த ஆர்டரின் அடுத்த லாட் கட்டிங் டேபிளிலேயே நின்றதால் லைனில் பலருக்கு ஷிப்டு குறைந்தது. போனஸ் நேரத்தில் சம்பளக் கவர் இளைத்ததற்குக் காரணம் இதுதான். வேறு வதந்தி வேண்டாம்.

நம்மைக் காப்பாற்றியது எது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மயிரிழையில் தப்பியது. பிராண்ட் கேட்டது தேதிக்கு ஆதாரம். இன்ஸ்டாகிராமில் ஏற்றிய வீடியோவிலும் வாட்ஸ்அப்பில் பார்வர்டு ஆன வீடியோவிலும் எப்போது எடுத்தது என்ற தகவல் மிஞ்சுவதில்லை. அது இருப்பது போன் கேலரியில் உள்ள மூல வீடியோவில் மட்டும். அந்த அம்மா பயந்துபோய் முதலில் ரீலை அழித்தார், பிறகு கேலரியிலும் அழித்துவிட்டார். கேலரியின் குப்பைத் தொட்டியில் அது இன்னும் இருந்ததால் மீட்டோம். இன்னும் சில வாரம் போயிருந்தால் அங்கிருந்தும் போயிருக்கும். மூல வீடியோவில் மாலையும் வாழைக்கன்றும் முழுதாகத் தெரிகின்றன, எடுத்த தேதி, நேரம் இருக்கின்றன. அதோடு அன்றைய கேட் பதிவேடு, புரொடக்ஷன் ரிப்போர்ட்டில் அன்று தையல் எண்ணிக்கை பூஜ்யம் என்ற பக்கம், சி.சி.டி.வி. ஆகியவற்றைச் சேர்த்தோம். நம் டி.வி.ஆர். 15 நாளில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும் என்பதால், விஷயம் தெரிந்த அன்றே அந்த நாளின் பதிவைத் தனி டிஸ்க்கில் எடுத்துவைத்தது எவ்வளவு நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை. கேமராக் கோணத்தில் நான்காம் லைனின் தூணும் ஓவர்லாக் மெஷினும் ரீலில் இருப்பதுபோலவே தெரிந்தன. அந்த ஒரு படம்தான் "வெளி யூனிட்" என்ற கதையை முடித்தது.

அழித்ததால் இன்னொரு கெடுதலும் நடந்தது. பிராண்டின் ஆள் பதிவைத் தேடி வந்தபோது அசல் கணக்கில் எதுவும் இல்லை, ஊர்முழுக்க நகல் மட்டும் ஓடியது. வெட்டாத வடிவம் எங்கும் இல்லாததால் வெட்டிய வடிவமே உண்மையாகிவிட்டது. மறைக்கிறார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

ஆகவே இனி இப்படி ஒன்று கிளம்பினால் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். பதிவு உங்களுடையது என்றால், கேலரியில் இருப்பதைத் தொடாதீர்கள், எடிட் செய்யாதீர்கள். இன்ஸ்டாகிராமில் அந்தப் பதிவைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, `Archive` கொடுங்கள். மற்றவர் பார்வையிலிருந்து மறையும், உங்களிடம் தேதியோடு இருக்கும். பதற்றத்தில் `Delete` அழுத்திவிட்டீர்கள் என்றால், `Recently deleted` என்ற இடத்தில் 30 நாள் வரை இருக்கும், அதற்குள் எச்.ஆருக்குச் சொல்லுங்கள். ஸ்டோரி என்றால் அந்த அவகாசமும் இல்லை, ஆர்கைவில் சேராத ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும். அடுத்து, நகல் ஓடும் பதிவின் லிங்க்கை காப்பி செய்து, கணக்குப் பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கம்ப்ளையன்ஸ் எண்ணுக்கு அனுப்புங்கள். பதிவு மற்றவருடையது என்றால் இந்தக் கடைசி வேலை மட்டும் போதும்.

கமெண்டில் இறங்காதீர்கள். நல்லதாகவும் எழுத வேண்டாம். "எங்க கம்பெனி அப்படி இல்ல" என்று முப்பது பேர் எழுதினால், பதிவு இன்னும் நூறு பேருக்குப் போய்ச் சேரும், அந்த ஆப் அப்படித்தான் வேலை செய்கிறது. உண்மை என்று நினைத்து எழுதுவதில்கூட எது எந்தக் கதவைத் திறக்கும் என்று யூனிட்டில் நான்கைந்து பேருக்குத்தான் தெரியும். மேலே சொன்ன சூப்பர்வைசருக்குப் பத்து வருட அனுபவம். அவருக்கே தெரியவில்லை. "இவங்க எங்க ஆளே இல்ல" என்பது அதைவிட மோசம். மறுநாள் அந்த அம்மாவின் இ.எஸ்.ஐ. எண்ணையும் வருகைப் பதிவையும் நாமேதான் பிராண்டுக்கு அனுப்பினோம். ஊழியர் ஒருவர் பொய் சொன்னதாகக் கோப்பில் ஏறிவிட்டது. தவிர, கூட வேலை செய்யும் ஒரு பெண்ணை ஊர் முன்னால் யாரோ என்று சொன்னோம், அதையும் அவர் படித்தார்.

பகிரும் முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு நம் ஊருக்குப் பழைய உதாரணமும் வேண்டாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வேறெங்கோ நடந்த சம்பவங்களின் வீடியோக்கள் சுற்றின. அவை பொய் என்று காவல்துறை சொல்வதற்குள் விடுதிகள் காலியாகத் தொடங்கின, பிகார் அரசே ஒரு குழுவை அனுப்பியது. விடுதி வாட்ஸ்அப் குழுவில் வரும் எதையும் முதலில் விடுதி வார்டனிடம் காட்டுங்கள். ஹிந்தியிலும் ஒடியாவிலும் இந்த மடலின் சுருக்கம் விடுதி வாசலில் இருக்கும்.

இனி, ரீல் தவிர மற்றவை. இங்கே நாங்கள் பார்ப்பவற்றில் அதிகம் தொல்லை தருவது லேபிளும் பிரிண்ட்டும். இப்போது நம் டேபிளில் ஓடுவது அடுத்த சீசன் சரக்கு, கடைக்கு வர மாதக் கணக்கில் ஆகும். பிரிண்ட் ஸ்டிரைக்-ஆஃப் வந்ததும் "கலர் சூப்பரா இருக்கு" என்று ஸ்டேட்டஸ் வைத்தால், பிராண்ட் இன்னும் அறிவிக்காத டிசைன் வெளியே போகிறது. கார்ட்டூன் பாத்திரம் உள்ள பிரிண்ட் என்றால் பிராண்டும் உரிமைக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கார்ட்டன் அடுக்கின் முன் செல்ஃபி எடுப்பவர்கள் பின்னால் திரும்பிப் பாருங்கள்: ஷிப்பிங் மார்க்கில் பி.ஓ. நம்பர், ஸ்டைல் நம்பர், எத்தனை பீஸ், எந்த ஊர், எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. போட்டிக் கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நம் ஆட்களுக்கு மட்டும்தானே தெரியும் என்று நினைப்பவர்கள், கான்டாக்ட் லிஸ்ட்டில் யார் யார் என்று ஒருமுறை பாருங்கள். பையர் க்யூ.சி.யின் எண் பாதி சூப்பர்வைசர்களிடம் இருக்கிறது, அவரிடமும் உங்கள் எண் இருக்கிறது. மெர்ச்சண்டைசர்கள் லிங்க்ட்இனில் "இந்த பிராண்டுக்கு இத்தனை லட்சம் பீஸ் அனுப்பினோம்" என்று பெருமையாகப் போடுவதும் அப்படித்தான். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் விளம்பரத்துக்கு பிராண்ட் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. "ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கான நிட் ஆடைகள்" என்று எழுதுங்கள், வேலை தேடும்போது அது போதும்.

காதர்பேட்டை விஷயம் தனி. மச்சான் கடைக்கு, தம்பி ஆன்லைன் விற்பனைக்கு என்று, "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், ஒரிஜினல் லேபிள், 150 ரூபாய்" ரீல்களில் நம் ஸ்டைலே வருவதைப் பார்த்திருக்கிறோம். மிச்ச பீஸ் விற்பது குற்றமல்ல, ஆனால் பையர் அனுமதித்து, லேபிளை வெட்டிய பிறகுதான் அது கேட்டைத் தாண்ட வேண்டும். லேபிளோடு ஒரு பீஸ் ரீலில் தெரிந்தால், எங்கிருந்து போனது என்று ஸ்டோர், பேக்கிங், கேட் பாஸ் மூன்றையும் பையர் கேட்பார். திருட்டுப் பட்டம் சம்பந்தமே இல்லாத பேக்கிங் ஆளின் மேல் விழும்.

கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சாதிப் பெருமை பேசும் ரீல் வேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

பின்னணியில் தெரியும் குறைகளைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், இதில் எங்களுக்குள்ளேயே கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. மஞ்சள் கோட்டுக்குள் கார்ட்டன் வைத்து நடைபாதையை அடைத்திருப்பது, தீயணைப்பான் முன்னால் துணி மூட்டை, பேண்ட் நைஃப் மெஷினில் ஸ்டீல் கிளவுஸ் இல்லாமல் கட்டிங் செய்வது, இவை வீடியோவில் வந்தால் ஆடிட்டர் பார்ப்பார், பிரச்சினைதான். ஆனால் அங்கே தப்பு அடைத்து வைத்ததுதான், படம் எடுத்தது அல்ல. "படம் எடுக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வழியை அடைத்தே வைத்திருந்தால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. அப்படிப் பார்த்தால் பாதுகாப்புக் கமிட்டி உறுப்பினரிடம் சொல்லுங்கள், அன்று ஷிப்டு முடிவதற்குள் சரியாகாவிட்டால் கம்ப்ளையன்ஸுக்குப் போட்டோவே அனுப்புங்கள். அதற்காக எடுக்கும் போட்டோ விதிமீறல் அல்ல.

அதேபோல, இந்த மடல் எதைத் தடுக்கவில்லை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சம்பளம், ஓவர்டைம், பி.எப்., விடுதிச் சாப்பாடு, கழிப்பறை பற்றிப் பேசுவது, சங்கத்தில் சேருவது, தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுப்பது, நோட்டீஸ் போர்டில் உள்ள பையரின் புகார் எண்ணுக்கு போன் செய்வது, இவை எல்லாம் உங்கள் உரிமை. பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி அமைத்த உள்ளகக் குழு இருக்கிறது, அதில் உள்ளவர்களின் பெயரும் எண்ணும் பெண்கள் கழிப்பறை வாசலில் ஒட்டியிருக்கிறது. சமூக ஊடக விதியைக் காட்டி இதில் எதையாவது யாராவது தடுத்தால், தடுப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை எந்த அதிகாரியும் கேட்கக் கூடாது, போனை வாங்கித் துழாவவும் கூடாது. மூல வீடியோ தேவைப்பட்டால் நீங்கள் சம்மதித்து, உங்கள் முன்னிலையில், அந்த ஒரு பைலை மட்டும் காப்பி எடுப்போம்.

தண்டனை பற்றி. ரீல் போட்ட டெய்லர் வேலையில் இருக்கிறார், அதே லைன், அதே மெஷின். பெடலை மிதித்தபோது மெஷினில் கரண்ட் இருந்தது, தளத்துக்குள் குழந்தை வந்திருந்தது. இரண்டும் ஒரு டெய்லரின் பொறுப்பில் உள்ள விஷயங்கள் அல்ல. கமெண்ட் எழுதிய சூப்பர்வைசருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறோம், பதில் வந்த பிறகுதான் எந்த முடிவும். இனிமேலும் விளக்கம் கேட்காமல் நடவடிக்கை கிடையாது. வேண்டுமென்றே டிசைனை வெளியே விற்பதையும், தெரியாமல் ஸ்டேட்டஸ் வைப்பதையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம்.

அந்தச் சிறுமியின் முகம் இன்னும் சில கணக்குகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பதிவையும் ரிப்போர்ட் செய்து வருகிறோம். உங்கள் கண்ணில் பட்டால் பகிராமல், யாருக்கும் காட்டாமல், லிங்க்கை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். அவள் படிக்கும் பள்ளியில் உங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வீட்டில் இதைப் பேசும்போது அதை நினைவில் வையுங்கள்.

அடுத்த ஆயுத பூஜை முதல் ஏற்பாடு மாறுகிறது. பூஜை நிற்காது, குடும்பத்தை அழைத்து வருவதும் நிற்காது. மெஷின் பூஜை காலையில் ஊழியர்கள் மட்டும் இருக்கும்போது முடியும். முந்தின மாலையே பண்டில், லேபிள், டிரிம்ஸ் எல்லாம் ஸ்டோருக்குள் போய்ப் பூட்டப்படும், மெஷின் லைனுக்கான மெயின் சுவிட்சை எலக்ட்ரீஷியன் அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை எச்.ஆரிடம் கொடுப்பார். குடும்பங்கள் வரும்போது பந்தல் முன் முற்றத்தில் இருக்கும், பொரியும் சுண்டலும் அங்கேதான். பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரும் தளத்துக்குள் வர மாட்டார்கள், முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் உட்பட. தளத்தில் படம் வேண்டும் என்றால் எச்.ஆர். அமர்த்தும் போட்டோகிராபர் மாலை போட்ட மெஷினோடு உங்களை எடுத்துத் தருவார், சாயங்காலமே போனுக்கு வரும். அதை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களில் தளத்துக்குள் போன் லாக்கரில். கேன்டீனிலும் முற்றத்திலும் விடுதி மொட்டை மாடியிலும் தடையில்லை. வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் டைம் ஆபீஸ் எண்ணுக்கு வரட்டும், அங்கிருந்து ஐந்து நிமிடத்துக்குள் லைனுக்கு ஆள் அனுப்பாவிட்டால் எச்.ஆரிடம் சொல்லுங்கள். லாக்கர் விதி நிற்பதும் விழுவதும் அதைப் பொறுத்தது.

ஏற்கெனவே போட்டுவிட்ட பழைய பதிவுகளில் லேபிள், பிரிண்ட், கார்ட்டன் மார்க் தெரிகிறதா என்று இந்த வாரக் கடைசிக்குள் அவரவரே பார்த்து, தெரிந்தால் `Archive` கொடுத்துவிடுங்கள். அந்த ஆங்கிலப் பதிவின் கீழ் ஏதாவது எழுதியிருந்தால் அதை மட்டும் இப்போது அழிக்க வேண்டாம். பையரின் விசாரணை இன்னும் மூடப்படவில்லை. என்ன எழுதினீர்கள் என்று கம்ப்ளையன்ஸில் சொல்லுங்கள், போதும். திங்கள்கிழமை முதல் ஒவ்வொரு லைனுக்கும் டீ நேரத்துக்கு முன் 20 நிமிடம் இதே விஷயத்தைப் போனில் செய்துகாட்டுவோம், அந்த நேரத்துக்குப் பீஸ் ரேட் ஆட்களுக்கும் சராசரிக் கூலி உண்டு.

இப்படிக்கு,
கம்ப்ளையன்ஸ், மெர்ச்சண்டைசிங், எச்.ஆர். பிரிவினர்